இரண்டு சாவியும் ஒருவரிடம், ரேட்டிங் ‘திருப்தி’: உள் தணிக்கை ரிப்போர்ட்டின் ஒட்டுமொத்த ரேட்டிங்கைத் திருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

நகைக்கடன் தரும் ஒரு என்.பி.எஃப்.சி.யில், அதாவது வங்கி அல்லாத நிதி நிறுவனத்தில், உள் தணிக்கை ரிப்போர்ட்டுகளுக்குக் கொடுக்கும் ஒட்டுமொத்த ரேட்டிங்கை நாங்கள் எப்படிப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினோம் என்பதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்தக் கிளை என்று கண்டுபிடித்துவிட முடியாதபடி விவரங்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன், ஆனால் கணக்கின் போக்கும் அதிலிருந்த கோளாறும் அப்படியே இருக்கின்றன.

பழைய முறை எளிமையானது. 100-இல் ஆரம்பித்து, ஹை குறை ஒன்றுக்கு 12, மீடியத்துக்கு 5, லோவுக்கு 1 என்று கழிப்பார்கள். மிச்சம் 90 அல்லது அதற்கு மேல் என்றால் ‘நன்று’, 75 முதல் 89 வரை ‘திருப்தி’, 60 முதல் 74 வரை ‘முன்னேற்றம் தேவை’, அதற்கும் கீழே ‘திருப்தி இல்லை’. எக்செல்லில் குறைகளைப் போட்டால் ரேட்டிங் தானாக வந்துவிடும். இதில் ஆடிட்டரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை, அதனால் இது நியாயமானது என்று எல்லோரும் நம்பினார்கள். கிளை மேலாளர்கள்கூடப் பெரிதாக எதிர்க்கவில்லை, காரணம் பெரும்பாலானவர்களுக்கு ‘திருப்தி’தான் வந்தது.

மூன்று கிளைகளின் ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் பளிச்சென்று தெரிந்தது.

முதல் கிளை நகரத்துக் கடைவீதியில் இருக்கும் பெரிய கிளை. அங்கே ஆடிட் டீம் அதிக நாள் இருக்கும், அதிக ஃபைல் பார்க்கும். 22 லோ, 3 மீடியம். லோ என்றால் கே.ஒய்.சி. நகலில் ‘அசலுடன் சரிபார்த்தேன்’ என்ற கையெழுத்து விடுபட்டது, வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் முத்திரை இல்லாதது என்ற ரகம். கழித்தால் 63, ‘முன்னேற்றம் தேவை’.

இரண்டாவது, சின்ன ஊர்க் கிளை. ஒரு ஹை, ஒரு லோ, அவ்வளவுதான். அந்த ஒரு ஹை என்னவென்றால், ஸ்ட்ராங் ரூமின் இரண்டு சாவிகளும் ஆறு வாரமாக ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன. இரண்டாவது சாவி வைத்திருந்தவர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார், போகும்போது சாவியை மேலாளரிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், மாற்று ஆளை யாரும் நியமிக்கவில்லை. மதிப்பெண் 87, ‘திருப்தி’.

மூன்றாவது நடுத்தரக் கிளை. ஐந்து மீடியம், வேறு ஒன்றுமில்லை. 75. நூலிழையில் அதுவும் ‘திருப்தி’.

நகைக்கடன் தொழில் தெரிந்த யாரிடமாவது இந்த மூன்றில் எந்தக் கிளையை நினைத்தால் தூக்கம் வராது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்பார்கள், கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் சேர்ப்பார்கள். ரேட்டிங்கோ முதல் கிளையைக் கடைசியில் நிறுத்தியிருந்தது.

கூட்டல் கழித்தல் ஏன் ஏமாற்றுகிறது

மதிப்பெண்ணைக் கூட்டும் முறையில் இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கிளை பெரிதாக இருந்தால், ஆடிட்டர் கூர்மையானவராக இருந்தால், அதிக நாள் கொடுத்தால், குறைகளின் எண்ணிக்கை கூடும். ஆக மதிப்பெண் கிளையை மட்டுமல்லாமல் தேடிய அளவையும் சேர்த்து அளக்கிறது. இன்னொரு பக்கம், ஒரே ஒரு கண்ட்ரோல், அதாவது தவறைத் தடுக்கும் ஏற்பாடு, உடைந்தாலே முழு வீடும் திறந்துவிடும் என்ற நிலையில் இருக்கும் குறை, மற்ற 88 மதிப்பெண்ணுக்குள் கரைந்து போகிறது. ஹைக்கு 12-க்குப் பதில் 30 கழித்தால் சரியாகிவிடுமே என்று ஒருவர் சொன்னார். போட்டுப் பார்த்தோம். இரண்டாவது கிளை 69-க்கு இறங்கியது, ஆனால் அப்போதும் முதல் கிளைக்கு மேலேதான், அதே ‘முன்னேற்றம் தேவை’ வகைக்குள் இருந்தது. சாவி ஒரே ஆளிடம் இருப்பதும் 22 கையெழுத்து விடுபட்டதும் ஒரே மாதிரியான செய்தியாக ஆடிட் கமிட்டிக்குப் போகும். எடையை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. அமெரிக்க வங்கிக் கண்காணிப்பாளர்கள் கேமல்ஸ் என்ற ஆறு கூறு ரேட்டிங்கை 1996-இல் திருத்தியபோதே, ஒட்டுமொத்த ரேட்டிங் என்பது கூறுகளின் சராசரி கிடையாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். ஒரு கூறு மோசமாக இருந்தால் அது மொத்தத்தையும் இழுக்கலாம், இழுக்காமலும் போகலாம், எடை போடுவது மனிதரின் வேலை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. ஆர்.பி.ஐ. 2002 டிசம்பரில் வங்கிகளுக்கு இடர் சார்ந்த உள் தணிக்கை பற்றி ஒரு வழிகாட்டுக் குறிப்பு கொடுத்தது. அதில் ஒரு கட்டம் இருக்கும்: ஒரு பக்கம் தொழிலின் இயல்பான இடர், மறுபக்கம் கண்ட்ரோல் இடர். இரண்டும் சேர்ந்து ‘குறைவு’ முதல் ‘அதிதீவிரம்’ வரை ஒரு வகை வரும். அந்தக் கட்டத்தில், கண்ட்ரோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொழிலின் இயல்பான இடர் அதிகம் என்றால் அது ‘ஹை ரிஸ்க்’ வகைதான். எந்தக் கிளைக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆடிட் போக வேண்டும் என்று முடிவு செய்ய அது மிகப் பொருத்தமான கட்டம். ஆனால் அதே வகையைத் தூக்கி ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ரேட்டிங்காக ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 80 கிலோ நகை இருக்கும் கிளையில் எல்லாம் சுத்தமாக வைத்திருக்கும் மேலாளருக்கு ‘ஹை ரிஸ்க்’ என்று ரிப்போர்ட் போகும், அவர் வாழ்க்கையில் எப்போதும் நல்ல ரேட்டிங் வாங்கவே முடியாது. எங்கள் நிறுவனத்திலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆடிட் திட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டோம், ரேட்டிங்குக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சரி, ரேட்டிங்கே இல்லாமல் எழுதினால் என்ன? அதுவும் பேசப்பட்டது. 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் இருக்கும், உள் தணிக்கையாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஐ.ஏ.யின் உலகளாவிய உள் தணிக்கைத் தரநிலைகள் ஒட்டுமொத்த முடிவுரை ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. கண்ட்ரோல்கள் நன்றாக வேலை செய்தால் அதையும் சொல்ல வேண்டும் என்கின்றன. ஆனால் அந்த முடிவை ஒரு படிநிலைக்குள் அடைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே ரேட்டிங்கைத் தூக்கிவிட எங்களுக்கு வழி இருந்தது. தூக்கவில்லை, ஏனென்றால் கிளைகள் ஏராளமாக இருக்கும் நிறுவனத்தில் ஆடிட் கமிட்டி எல்லா ரிப்போர்ட்டையும் வரிக்கு வரி படிக்காது, எதை முதலில் திறப்பது என்று அவர்களுக்கு ஓர் அடையாளம் தேவை.

படிகள் எத்தனை

ஐந்து வேண்டும் என்றார் ஒருவர், மூன்று போதும் என்றார் இன்னொருவர். மூன்று வைத்தால் எல்லாம் நடுவில் போய் உட்காரும். ஐந்து வைத்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை யாராலும் இரண்டு வரியில் விளக்க முடியாது. நான்கு வைத்தால் நடு இல்லை, அதனால் தப்பிக்க இடமில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கள் பழைய முறையிலும் நான்குதான் இருந்தது, ஆனாலும் பத்தில் ஏழெட்டு ரிப்போர்ட் ‘திருப்தி’யில் கிடந்தது. இரண்டாவது படியே நடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கு நாங்கள் எடுத்த வழி, ஒவ்வொரு படியையும் விளக்க முன்னால் அந்தப் படி வந்தால் யார் என்ன செய்வார் என்று எழுதிவிடுவது. இரண்டு படிகளுக்கு ஒரே பதில் வந்தால் அது ஒரே படிதான், சேர்த்துவிட வேண்டும். எழுதிப் பார்த்ததில் நான்கு தேறின.

முதல் படி, ‘கண்ட்ரோல்கள் வேலை செய்கின்றன’. யாரும் எதுவும் செய்ய வேண்டாம், அடுத்த ஆடிட் வழக்கமான சுற்றில்.

இரண்டாவது, ‘வேலை செய்கின்றன, சில இடங்களில் ஓட்டை’. கிளை மேலாளர் 60 நாளில் அடைத்து ஆதாரம் அனுப்புவார், ஆடிட்டர் இருந்த இடத்திலிருந்தே சரிபார்ப்பார்.

மூன்றாவது, ‘முக்கியமான இடத்தில் பலவீனம்’. கிளை மேலாளருக்கு மேலே இருக்கும் ஏரியா மேனேஜர் பொறுப்பேற்று எழுத்தில் திட்டம் தருவார், 90 நாளுக்குள் ஆடிட்டர் நேரில் திரும்பப் போவார்.

நான்காவது, ‘நம்பியிருக்க முடியாது’. ரிப்போர்ட் முடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போகும், ஆடிட் கமிட்டித் தலைவருக்கும் தெரியும், அந்தக் கிளையில் புதிய கடன் தொடரலாமா என்று நிர்வாகம் முடிவெடுக்கும்.

இதோடு ஐந்தாவதாக ஒரு பெட்டி: ‘ரேட்டிங் தர இயலவில்லை’. பதிவேடு கிடைக்கவில்லை, சிஸ்டம் மாற்றத்தால் தரவு வரவில்லை என்று பாதி வேலை மட்டும் நடந்த ஆடிட்டுகளில் குறை எதுவும் கிடைக்காததால் முதல் படி கொடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. பார்க்காமல் கொடுத்த நற்சான்று அது.

குறைகளிலிருந்து படிக்கு எப்படிப் போவது

கூட்டலை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது? முழுக்க முழுக்க ஆடிட்டரின் தீர்ப்பு என்று விட்டால் ஆளுக்கு ஆள் மாறும். நாங்கள் வைத்தது ஒரு சிறிய முன்பட்டியலும் சில தடுப்புக் கோடுகளும்.

முன்பட்டியல் என்றால், அந்த வகைக் கிளைக்கு உயிர்நாடியான கண்ட்ரோல்கள் எவை என்று ஆடிட் தொடங்கும் முன்பே எழுதிக் கிளைக்கும் கொடுத்துவிடுவது. நகைக்கடன் கிளைக்கு ஆறு வந்தன: ஸ்ட்ராங் ரூம் இரட்டைச் சாவி, நகையின் எடையும் தரமும் வாடிக்கையாளர் முன்னிலையில் பார்க்கப்படுவது, நகை பாக்கெட்டுகளைத் திடீரென எண்ணுவது, அடகு வைப்பவர் யார் என்று உறுதி செய்வது, கடனுக்கும் நகை மதிப்புக்கும் உள்ள விகிதத்தைக் கண்காணிப்பது, ஏல நோட்டீஸும் ஏலக் கணக்கும். இதில் சில ஆர்.பி.ஐ. 2024 செப்டம்பர் 30 தேதியிட்ட சுற்றறிக்கையில் நகைக்கடன் நிறுவனங்களிடம் கண்ட கோளாறுகளாகப் பட்டியலிட்ட விஷயங்களேதான், அதனால் ‘இது ஏன் முக்கியம்’ என்ற வாக்குவாதம் அதிகம் எழவில்லை. பட்டியலை ஆடிட் முடிந்த பிறகு எழுதினால் அது குறைக்கு ஏற்ற பட்டியலாகிவிடும், ஆகவே முன்கூட்டியே எழுதுவதில் கறாராக இருந்தோம்.

தடுப்புக் கோடுகள் இப்படி. உயிர்நாடிக் கண்ட்ரோல் ஒன்று உடைந்திருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூன்றாம் படிக்கு மேலே போக முடியாது. அதற்கு ஈடாக வேறு ஒரு கண்ட்ரோல் வேலை செய்ததா என்று சோதிக்க வேண்டும். ஈடு இருந்தால் மூன்று, ஈடும் இல்லையென்றால் நான்கு. மீடியம் குறைகளை எண்ணக் கூடாது, அவற்றுக்குப் பொதுவான காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே காரணம் பல உயிர்நாடிக் கண்ட்ரோல்களைத் தொட்டால் அதை ஒரு ஹை குறையாகவே எழுத வேண்டும், அப்படி எழுதிய ஹைக்கும் மூன்றாம் படிதான் உச்சவரம்பு. லோ குறைகள் படியைத் தொடவே தொடாது, அவை கிளை மேலாளருக்குத் தனித்தாளில் போகும்.

இதற்குமேல் ஆடிட்டருக்கு ஒரு படி ஏற்றவோ இறக்கவோ உரிமை உண்டு. காரணத்தை இரண்டு வரியில் எழுதி ஆடிட் தலைவரின் ஒப்புதல் வாங்க வேண்டும், அது ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை அரையாண்டுக்கு ஒருமுறை பார்ப்பது முக்கியம். மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில், அதுவும் குறிப்பிட்ட ஓர் ஏரியாவுக்கு மட்டும் மேல்நோக்கிப் போகிறதென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

மூன்று கிளைகளையும் இதில் போட்டுப் பார்ப்போம். முதல் கிளையின் 22 லோ தனித்தாளுக்குப் போயிற்று. மூன்று மீடியத்துக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, எதுவும் உயிர்நாடியைத் தொடவில்லை. இரண்டாம் படி.

மூன்றாவது கிளைதான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். அந்த ஐந்து மீடியத்தை வரிசையாகப் படியுங்கள்: நகையை மதிப்பிடும் அப்ரைசர் எழுதிய மதிப்பை இன்னொருவர் சரிபார்த்ததற்கு அடையாளம் இல்லை, சில பாக்கெட்டுகளின் சீல் எண்ணும் பதிவேட்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை, திடீர் எண்ணிக்கையைப் பாக்கெட்டுகளை வைத்திருப்பவரே செய்திருக்கிறார், கடன் விகித வரம்பை மீறியவற்றைக் காட்டும் விலக்கு அறிக்கை அச்செடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் யாரும் பார்க்கவில்லை, கையிருப்புப் பணம் சில நாள் வரம்பைத் தாண்டியிருக்கிறது. பணம் ஒன்றை விட்டால் மற்ற நான்கும் ஒரே கதை. துணை மேலாளர் பதவி நான்கு மாதமாகக் காலி. இரண்டாவது கண் தேவைப்படும் எல்லா இடத்திலும் முதல் கண்ணே கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஐந்து மீடியமாக எழுதியபோது ஐந்து திருத்த நடவடிக்கைகளும் கிளை மேலாளர் தலையில் விழுந்தன, அவரால் ஒன்றையும் உண்மையில் சரிசெய்ய முடியாது. ஒரு ஹையாக எழுதியபோது அது மூன்றாம் படி ஆனது, பொறுப்பு ஆள் நியமிக்க வேண்டியவர்களிடம் போயிற்று. ரேட்டிங் கீழே இறங்கியது, கிளை மேலாளருக்கோ அப்பாடா என்று இருந்தது.

இரண்டாவது கிளையில் வாக்குவாதம் நீண்டது. எல்லாப் பாக்கெட்டையும் எண்ணிவிட்டோம், ஒரு கிராம் குறையவில்லை, பிறகு ஏன் மூன்றாம் படி என்று ஏரியா மேனேஜர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நகை பத்திரமாக இருந்தது அந்த மேலாளர் நேர்மையானவர் என்பதால், கண்ட்ரோல் இருந்ததால் கிடையாது. ஆகவே நட்டத்தைப் பார்க்காமல் திறந்து கிடந்த அளவையும் காலத்தையும் பார்ப்பது என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தோம். அடுத்து, ஈடான கண்ட்ரோல் ஒன்று இருக்கிறது என்றார்: ஸ்ட்ராங் ரூம் அலாரத்தை மத்தியக் கண்காணிப்பு அறையிலிருந்துதான் அணைக்க முடியும், கேமராவில் இரண்டு பேரைப் பார்த்தால்தான் அணைப்பார்கள். நல்ல கண்ட்ரோல். அதன் பதிவைக் கேட்டு வாங்கி, அந்த ஆறு வாரத்துக் காட்சிகளில் சிலவற்றோடு ஒப்பிட்டோம். பல நாட்களில் ஒரே ஆள் நின்றபோதும் அலாரம் அணைக்கப்பட்டிருந்தது. ஈடு இல்லை. நான்காம் படி.

இங்கே இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. கண்காணிப்பு அறை ஒன்றுதான், அது எல்லாக் கிளைகளுக்கும் வேலை செய்கிறது. சின்னக் கிளையில் இருக்கும் நகையின் மதிப்பு நிறுவனத்தின் மொத்தத்தில் தூசு, அதை வைத்துப் பார்த்தால் கமிட்டிக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் அறையின் பழக்கம் தூசு இல்லை. கிளையை வைத்து அளப்பதா, நிறுவனத்தை வைத்து அளப்பதா என்று தெளிவில்லாமல் ஆளுக்கொன்றாக அளந்துகொண்டிருந்தது பழைய முறையின் பெரிய ஓட்டை. ஒரே குறையை ஒருவர் ‘கிளைக்கு இது பெரிது’ என்று ஹை போடுவார், இன்னொருவர் ‘கம்பெனிக்கு இது ஒன்றுமே இல்லை’ என்று லோ போடுவார். நாங்கள் ரேட்டிங்கை ஆடிட் செய்யப்பட்ட அலகோடு கட்டிவிட்டு, அதற்குக் கீழே ‘நிறுவன அளவில் கவலை: உண்டு / இல்லை’ என்று ஒரு வரியைச் சேர்த்தோம். கமிட்டி உறுப்பினர்கள் இப்போது முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

ஒரே ரிப்போர்ட், இரண்டு ஆடிட்டர், இரண்டு படி

விளக்கம் எழுதி முடித்ததும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளில் 20 எடுத்து, கிளைப் பெயரையும் பழைய ரேட்டிங்கையும் மறைத்து, இரண்டு மூத்த ஆடிட்டர்களிடம் தனித்தனியாகக் கொடுத்தோம். எடுக்கும்போது நல்லது, சுமார், மோசம் எல்லாம் கலந்திருக்கும்படி பார்த்துக்கொண்டோம், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் இரண்டாம் படி போட்டாலே இருவரும் ஒத்துப்போனதாகத் தெரியும். 11-இல் மட்டும் ஒரே படி வந்தது. வேறுபட்ட ஒன்பதில் பெரும்பாலானவை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலான கோட்டில் இருந்தன.

இருவரையும் உட்காரவைத்துக் காரணம் கேட்டதில் இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, ஆடிட் நடக்கும்போதே சரிசெய்யப்பட்ட குறை. ஒருவர் அதற்குச் சலுகை கொடுத்தார், மற்றவர் கொடுக்கவில்லை. சலுகை கொடுத்தால் ஆடிட் வந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற பழக்கம் வளரும். கொடுக்காவிட்டால் சுறுசுறுப்பான மேலாளருக்கு மரியாதையே இல்லை. கண்ட நிலைக்கே ரேட்டிங், சரிசெய்தது அதற்குப் பக்கத்திலேயே தேதியோடு ஒரு வரி என்று முடித்தோம்.

இன்னொன்று, திரும்ப வந்த குறை. போன ஆடிட்டில் சொன்னது இந்த ஆடிட்டிலும் இருந்தால் ஒரு நிலை ஏற்றுவது பலரும் செய்வது. ஆனால் போன முறை ஒத்துக்கொண்ட கெடு இன்னும் முடியவே இல்லையென்றால் அதைத் திரும்ப வந்த குறை என்று சொல்ல முடியுமா? எங்கள் கோடு இதுதான்: கெடு முடிந்திருக்க வேண்டும், அல்லது சரிசெய்துவிட்டதாகக் கிளை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் குறை இருந்தால் மட்டும் ஏறும்.

இதைச் சேர்த்து எழுதி, வேறு 20 ரிப்போர்ட்டில் மறுபடி பார்த்தபோது 17 ஒத்துப்போனது. மிச்சம் மூன்றும் உண்மையிலேயே இருபுறமும் வாதாடக்கூடியவை, அதை விட்டுவிட்டோம்.

மேலாளரே முன்வந்து சொன்ன குறைக்கு என்ன செய்வது என்பதும் இந்தச் சமயத்தில்தான் பேசப்பட்டது. சொன்னதற்காகப் படி இறங்கினால் அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார்கள். முழு விலக்கு கொடுத்தாலோ, ஆடிட் அறிவிப்பு மெயில் வந்த சாயங்காலமே பத்துக் குறைகளைப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். அறிவிப்புக்கு முன்பே பதிவாகியிருந்து, திருத்தம் முடியும்வரை ஏதாவது இடைக்கால ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தால் அது ரிப்போர்ட்டில் வரும், படியைப் பாதிக்காது. இடைக்கால ஏற்பாடு இல்லாத வெறும் பதிவுக்குச் சலுகை இல்லை.

போனஸ் பின்னால் வந்தது

இதுவரை சொன்னது எல்லாவற்றையும் ஒரே அடியில் கெடுக்கக்கூடிய ஒன்று, ரேட்டிங்கைச் சம்பளத்தோடு கட்டுவது. இங்கே கிளை மேலாளரின் ஊக்கத்தொகையில் ஒரு பங்கு ஆடிட் ரேட்டிங்கைப் பொறுத்து இருந்தது. அதன் விளைவை ஆடிட் முடிவில் நடக்கும் கிளோசிங் மீட்டிங்கில் பார்க்கலாம். இரண்டாவது கிளையின் ரிப்போர்ட் பழைய முறையில் மூன்று வரைவுகள் கண்டது. முதல் வரைவில் ‘இரண்டு சாவிகளும் ஆறு வாரம் ஒருவரிடமே இருந்தன’ என்று இருந்தது. ‘சார், உண்மைதான், மறுக்கலை. ஆனா இப்படி எழுதினா அவருக்கு இந்த வருஷம் எதுவும் வராது, கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்றார் ஏரியா மேனேஜர். இரண்டாவது வரைவில் ‘விடுப்புக் காலத்தில் சாவிப் பொறுப்பு முறையாக மாற்றப்படவில்லை’. மூன்றாவதில் ‘சாவிப் பராமரிப்பை மேம்படுத்த வாய்ப்புள்ளது’. இந்தக் கடைசி வாக்கியத்தைப் படிக்கும் கமிட்டி உறுப்பினர் சாவிக்கு எண்ணெய் போட வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போயிருப்பார்.

ரேட்டிங்கைக் காப்பாற்றுவதற்காக உண்மை வளைந்தது. அதனால் மீட்டிங்கை இரண்டாகப் பிரித்தோம். முதலில் நடந்தது என்ன என்பதை மட்டும் பேசி, இரு தரப்பும் வாசகத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அந்தக் கூட்டத்தில் ரேட்டிங் பேசப்படாது. அதன்பின் எழுதிவைத்த விதியின்படி படி வரும், அதற்கு ஆட்சேபம் இருந்தால் விதியைக் காட்டிப் பேசலாம், நடந்ததை மாற்றிப் பேச முடியாது. விதி முன்கூட்டியே கையில் இருப்பதால் யாரும் திடுக்கிடவில்லை, பெரும்பாலும் கிளை மேலாளரே தன் படியைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்.

ஊக்கத்தொகை விஷயத்தில் மனிதவளத் துறை பாதி இறங்கி வந்தது. ரேட்டிங்கை எடுத்துவிட்டு, ஒத்துக்கொண்ட திருத்தங்களைக் கெடுவுக்குள் முடித்தார்களா என்பதை வைத்தார்கள். இதிலும் பொய்யாக முடித்துக் காட்டும் ஆபத்து உண்டு, ஆகவே ஆடிட்டர் பார்த்து உறுதி செய்தால்தான் முடிந்தது என்று கணக்கு. நான்காம் படி வந்த கிளைக்கு மட்டும் பழையபடி பிடித்தம் தொடர்கிறது. அதற்காக ரிப்போர்ட்டில் மேலாளர் பொறுப்பேற்ற தேதியைச் சேர்த்திருக்கிறோம், இரண்டு மாதம் முன்னால் மாற்றலாகி வந்தவர் முந்தையவரின் ஆறு மாதத்துக்குப் பணம் இழக்கக் கூடாதல்லவா?

கமிட்டி அறையில்

முதல் வருட முடிவில் ஆடிட் கமிட்டிக்கான ஸ்லைடில் யாரோ நான்கு படிகளையும் 1, 2, 3, 4 என்று எண்ணாக்கிச் சராசரி எடுத்து, 2.4 என்று போட்டு, கீழே ஓர் அம்புக்குறியும் வைத்திருந்தார்கள். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் உள்ள தூரமும், ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரமும் ஒன்று என்று ஏற்றால்தான் அந்தச் சராசரிக்குப் பொருள் இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. இடர் அதிகமுள்ள கிளைகளைத் தேடிப் போகும் திட்டத்தில் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு கிளைகள் வருகின்றன, அதுவும் சந்தேகப்பட்ட கிளைகள். இந்த வருடம் ரேட்டிங்குகள் மோசமாக வந்தால் நிறுவனம் கெட்டுவிட்டது என்றோ, திட்டம் சரியான இடத்துக்குப் போனது என்றோ இரண்டு விதமாகவும் படிக்கலாம். சராசரியை எடுத்துவிட்டு, முன்பு ரேட்டிங் பெற்று மறுபடி ஆடிட் ஆன கிளைகளை மட்டும் அன்று, இன்று என்று பக்கத்தில் வைத்துக் காட்டினோம்.

இன்னொரு கேள்வியும் வந்தது: ‘மூன்றாம் படி இத்தனை பேருக்கா? அடுத்த வருடம் குறையுமா?’ கேட்டவர் நல்லெண்ணத்தில் கேட்டார். ஆனால் அப்படி ஓர் எண்ணிக்கை மனதில் விழுந்துவிட்டால் ஆடிட்டர்கள் கோட்டருகே இருக்கும் ரிப்போர்ட்டுகளைத் தாமாகவே மேலே தள்ளத் தொடங்குவார்கள், யாரும் உத்தரவு போடத் தேவையில்லை. படிக்கு இலக்கு எண் கிடையாது என்பதைக் கமிட்டி குறிப்பிலேயே பதிவு செய்யக் கேட்டுக்கொண்டோம், செய்தார்கள்.

கிளை ஆடிட்டுக்கு இது ஓடுகிறது. தலைமை அலுவலகத்தில் சம்பளப் பட்டியல், மென்பொருள் மாற்றம், வெளி நிறுவனத்திடம் விட்ட வேலை போன்ற ஆடிட்டுகளுக்கு இதை அப்படியே எடுத்துப் போக முடியவில்லை, ஒவ்வொன்றுக்கும் உயிர்நாடிப் பட்டியல் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. முதல்முறை ஆடிட் செய்யும் துறையில் அந்தப் பட்டியலை எழுதும் அளவுக்கு எங்களுக்கே அந்த வேலை தெரிவதில்லை. அங்கெல்லாம் முதல் வருடம் ரேட்டிங் இல்லாமல் முடிவுரை மட்டும் எழுதுகிறோம், பட்டியலை அந்தத் துறையோடு சேர்ந்து எழுதி வைத்துவிட்டு இரண்டாவது ஆடிட்டிலிருந்துதான் படி.